தோசை மா வியாபாரத்துக்கு முன்கூட்டியே ஒரு மரண விசாரணை

கேள்வி: நானும் தங்கச்சியும் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடி வீட்டிலேயே தோசை மா அரைத்து, அரைக் கிலோ பக்கட்டாகக் கடைகளுக்குக் கொடுக்க யோசிக்கிறோம். சேமிப்பு 9 இலட்சம். பெரிய கிரைண்டருக்கும் பிரிட்ஜுக்கும் 4 இலட்சம் போகும். ஒரு நாளைக்கு 100 பக்கட். அடக்கம் 170 ரூபா, கடைக்கு 250. கடைக்காரர்கள் இரண்டு கிழமைக் கடன் கேட்கிறார்கள், விற்காததைத் திருப்பி எடுக்கவும் சொல்கிறார்கள். "ஒரு வருடம் கழித்து இது தோற்றால் என்ன காரணமாக இருக்கும்" என்று எழுதிப் பார்க்கும் பயிற்சி ஒன்றைக் கணவர் அலுவலகத்தில் கற்று வந்தார். வீட்டில் நாங்களும் செய்தோம். போட்டி, விலைவாசி, காசு போதாமை என்று மூன்று வரிதான் வந்தது. இது முன்னமே தெரிந்ததுதானே? இதில் என்ன பயன்? அம்மாவுக்கு வேறு, "தொடங்க முன்னமே வாயால சொல்லாதேங்கோ" என்று கோபம்.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் தாளில் மூன்றே வரி வந்ததற்கு "தோற்றால்" என்ற அந்தச் சொல்லே பெரிய காரணம். "தோற்றால்" என்று கேட்டதும் மனம் "தோற்காது" என்ற பக்கத்தையும் கையில் பிடித்துக்கொள்கிறது. அதனால் மரியாதைக்கு இரண்டு மூன்று பொதுக் காரணங்களைச் சொல்லிவிட்டு எழும்பிவிடுகிறோம். இந்தப் பயிற்சியில் தோல்வி சந்தேகத்துக்குரிய ஒன்றல்ல, நடந்து முடிந்த ஒன்று. "தோற்றுவிட்டது, ஏன்?" என்று கேட்க வேண்டும். எழுதும் வரிகளும் இறந்த காலத்திலேயே இருக்க வேண்டும். "ஆகலாம்", "கூடும்", "வாய்ப்புண்டு" என்று முடியும் எந்த வரியையும் வெட்டிவிட்டுத் திரும்ப எழுதுங்கள்.

1989இல் மிச்சல், ரூசோ, பெனிங்டன் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். ஒரு முடிவு நிச்சயமாக நடந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு காரணம் சொன்னவர்கள், நடக்கலாம் என்று வைத்துக்கொண்டவர்களைவிடக் கூடுதலான காரணங்களைச் சொன்னார்கள். அவை சம்பவங்களைப் போலவும் இருந்தன. உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் இதைத் திட்டக் குழுக்களுக்கான முறையாக எழுதிய பிறகு இது அலுவலகங்களுக்கு இன்னும் பரவியது. பயிற்சி வகுப்புகளில் "கணிப்பு 30 வீதம் கூடும்" என்று சொன்னால் அதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டாம். அந்த ஆய்வு காரணங்கள் எத்தனை, எப்படிப்பட்டவை என்று பார்த்தது. அவை பின்னாளில் பலித்தனவா என்று பார்க்கவில்லை.

அம்மாவின் கோபத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மரண விசாரணையை உயிரோடு இருப்பவருக்குச் செய்வது போன்ற பயிற்சி இது, யாருக்குத்தான் பிடிக்கும்? நாள் பார்த்துப் பால் காய்ச்சும் கட்டத்தில் இதை எடுக்காதீர்கள். நல்ல நாள் குறிக்க முன்னர், கிரைண்டருக்கு முற்பணம் கட்ட முன்னர், ஏதோ ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருந்து எழுதுங்கள். அம்மாவை விலக்கவும் வேண்டாம். நாற்பது வருடம் தோசை சுட்டவருக்கு மா எப்போது புளிக்கும் என்று தெரிந்த அளவுக்கு உங்கள் மூவருக்கும் தெரியாது. "தோல்வி" என்ற சொல்லைக்கூட அவரிடம் எடுக்கத் தேவையில்லை. "மா கெட்டுப்போச்சு எண்டு கடைக்காரர் திருப்பித் தந்திட்டார், என்ன பிழை விட்டிருப்பம்?" என்று கேளுங்கள்.

முற்பணத்துக்கு முன் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. யோசனை முளைவிட்ட முதல் கிழமையில் செய்தால் அது வெறும் பயமாக முடியும். காசு கட்டிய பிறகு செய்தால் எல்லோரும் அந்தக் காசுக்கு வக்கீலாகிவிடுவார்கள். திட்டம் கணக்கோடு கையில் இருந்து, காசு இன்னும் வங்கியில் இருக்கும் இடைவெளிதான் சரியான நேரம். நீங்கள் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள்.

இருந்ததும் ஒருவர் இந்த மாதிரி நாலு வரியை வாசிக்க வேண்டும்: "இன்று அடுத்த வருடத் தைப்பொங்கல் முடிந்து இரண்டாம் கிழமை. கடைசி பக்கட் மார்கழியில் போனது. கிரைண்டரை விற்க விளம்பரம் போட்டிருக்கிறோம். 9 இலட்சத்தில் கையில் மிச்சம் 60,000." திகதியும் மிச்சக் காசும் இருக்க வேண்டும். விற்பனைக்கு நிற்கும் கிரைண்டரும் இருக்கட்டும், அது கண்ணுக்குள் நிற்கும். அதன்பின் பத்து நிமிடம் யாரும் பேசக்கூடாது. ஆளுக்கொரு தாளில் குறைந்தது ஆறு காரணம் எழுத வேண்டும். முதல் மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாகத்தான் இருக்கும், நாலாவதிலிருந்துதான் விஷயம் வரும். பிறகு ஆளுக்கு ஒவ்வொன்றாகச் சுற்றில் வாசியுங்கள். இளையவர் தொடங்கட்டும். எங்கள் வீடுகளில் கணவரோ மூத்தவரோ முதலில் வாய் திறந்தால் மற்றவர்களின் தாள் மெதுவாக மடிந்துவிடும். வாசிக்கும்போது மறுப்பு, விளக்கம், "அது நடக்காது" எதுவும் வேண்டாம்.

முடிந்தால் ஒரு கடைக்காரரையும் கூப்பிடுங்கள். வராவிட்டால், "மா பக்கட் கொண்டுவந்து போட்டவை ஏன் விட்டவை?" என்று அவர் கடையிலேயே கேளுங்கள். அவருடைய பதிலையும் ஒரு தாளாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் "போட்டி" என்ற வரியை எடுப்போம். அப்படியே வைத்தால் அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. எந்த மாதம், எந்தக் கடை, யார் என்ன சொன்னார் என்று மூன்று கேள்வி கேளுங்கள். இப்படி ஏதாவது வரும்: "ஆவணியில் காலி வீதிக் கடை முதலாளி, 'அக்கா, மற்ற ஆக்களின்ட மா மூண்டு நாள் நிக்குது, உங்கட ரெண்டாம் நாளே ஊதுது, பத்தைத் திருப்பிக் கொண்டு போங்கோ' என்றார்." போட்டி என்று தொடங்கியது இப்போது பக்கட் ஊதும் பிரச்சினையாகிவிட்டது. போட்டியை உங்களால் நிறுத்த முடியாது. பக்கட் ஏன் ஊதியது என்பதை இந்த மாதமே கண்டுபிடிக்கலாம்.

அது ஏன் ஊதும்? தோசை மாவில் இருக்கும் நுண்ணுயிர்கள் பொங்க வைக்கும்போதே காபனீரொட்சைட்டு வாயுவை விடுகின்றன. 4 பாகை செல்சியஸ் அளவில் அவை மிக மெதுவாக வேலை செய்யும், நிற்காது. கொழும்பு வீட்டுச் சூட்டில், 28, 30 பாகையில், சுறுசுறுப்பாகிவிடும். உங்கள் பிரிட்ஜ் நன்றாக இருந்தாலும் பக்கட் தன் ஆயுளின் பெரும்பகுதியைக் கழிப்பது கடைக்காரரின் பிரிட்ஜில். கரண்ட் பில்லை நினைத்து இரவில் கடையைப் பூட்டும்போது பிரிட்ஜையும் நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சோடாவுக்கு அது ஒன்றும் செய்யாது. மாவுக்கு அது பல மணி நேரம் குளிர் போதாமல் கிடந்தது போல. காலையில் திரும்பப் போட்டுச் சில மணி நேரத்தில் பக்கட் குளிர்ந்துவிடும், தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மத்தியானம் பக்கட் தலையணை மாதிரி வீங்கி நிற்கும்போது எல்லோரும் உங்கள் கைப்பக்குவத்தைத்தான் குறை சொல்வார்கள்.

இதைச் சோதிக்கக் கிரைண்டர் தேவையில்லை. வீட்டு கிரைண்டரில் அரைத்த மாவைப் பத்து பக்கட்டில் போடுங்கள். ஐந்தை உங்கள் பிரிட்ஜிலேயே விடுங்கள். மற்ற ஐந்தையும் இரவு பத்து மணிக்கு வெளியே எடுத்து வைத்துக் காலை ஆறு மணிக்குத் திரும்ப உள்ளே வையுங்கள். மூன்று இரவு இப்படிச் செய்து, ஒவ்வொரு காலையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு பக்கட்டை வெட்டித் தோசை சுட்டுப் பாருங்கள். எது எந்த நாள் ஊதியது, எந்த நாள் புளிப்பு ஏறியது என்று எழுதுங்கள். பொங்க முன்னர் பக்கட் கட்டியதையும், பொங்கிய பின் கட்டியதையும் தனித்தனியே செய்தால் இன்னும் நல்லது. அதே கிழமையில், அதி கூடிய, அதி குறைந்த வெப்பநிலையை நினைவில் வைக்கும் சிறிய வெப்பமானி ஒன்றை வாங்கி, நீங்கள் கொடுக்க நினைக்கும் கடைகளில் ஐந்தின் பிரிட்ஜில் ஒவ்வோர் இரவு வைக்கக் கேளுங்கள். உள்ளே வைத்து அது குளிர்ந்த பின் பழைய பதிவை அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வெளிச் சூடே அதி கூடியதாக நிற்கும். காலையில் அதி கூடியது 4 பாகையைவிட மிகவும் ஏறியிருந்தால் அந்த பிரிட்ஜ் இரவில் ஓடவில்லை என்று சந்தேகிக்கலாம். வைக்க விடாத கடையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக "காசு போதாமை". இதுவும் ஒரு சம்பவம் அல்ல, சம்பவங்களின் முடிவு. உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 100 பக்கட் அரைக்க ஒரு நாளைக்கு 17,000 ரூபா வெளியே போகிறது. நூறும் விற்றால் 25,000 வரும், 8,000 மிச்சம். உங்கள் மனதில் இருக்கும் கணக்கு இதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் திருப்பி எடுக்கும் நிபந்தனை இருக்கிறது. 20 பக்கட் திரும்பினால் 80 பக்கட்டின் 20,000 வரும், மிச்சம் 3,000. 32 திரும்பினால் 17,000தான் வரும், மிச்சம் ஒன்றுமில்லை. நூறில் 68 விற்ற கடையைப் பார்த்து "நல்லாப் போகுது" என்று நினைத்துக்கொண்டே ஒரு சதம் உழைக்காமல் இருப்பீர்கள்.

கடன் இன்னொரு பக்கம். மாதத்துக்கு 26 நாள் அரைக்கிறீர்கள் என்றால் இரண்டு கிழமையில் 12 நாள். முதல் காசு வருமுன் 12 தடவை 17,000, அதாவது 2,04,000 வெளியே நிற்கும். 5 இலட்சம் கையில் இருப்பதால் தாங்கலாம். ஆனால் கடைக்காரர் "அடுத்த கிழமை பாப்பம்" என்று ஐந்து கிழமைக்கு இழுத்தால் 30 நாள் அரைப்புக்கு 5,10,000 வேண்டும். உங்களிடம் இருப்பதைவிட 10,000 கூட. ஒரு பக்கட்கூடத் திரும்பாமல், கொப்பியில் இலாபம் காட்டிக்கொண்டே, உளுந்து வாங்கக் காசில்லாமல் நிற்கும் நாள் அது. விசாரணைத் தாளில் இந்த வரியை இப்படி எழுதலாம்: "வைகாசியில் மூன்று கடை சேர்ந்து இரண்டு இலட்சம் தரவேண்டியிருந்தது. கேட்கப்போனால் ரோட்டில் காணாதது போல் போனார்கள். உறவுக்காரரின் கடை என்பதால் மாவை நிறுத்தவும் முடியவில்லை." உறவுக்கும் தெரிந்தவருக்கும் கொடுப்பதுதான் வெள்ளவத்தையில் வியாபாரம் தொடங்கும் வழி. கடன் நிலுவை இறுகுவதும் அங்கேதான்.

இதைக் கண்டதும் திட்டமே மாறலாம். கடைக்காரரிடம், "ரொக்கமாகத் தந்தால், திருப்பி எடுக்காமல், 235க்குத் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கட்டில் 65 ரூபா மிச்சம், நூறுக்கு 6,500. 250க்குக் கடனில் கொடுத்து நூறில் 6 திரும்பினாலும் இதே 6,500தான் வரும். ஆறுக்கு மேல் திரும்பும் கடையில் 235 ரொக்கமே உங்களுக்கு இலாபம், கடன் நிலுவையும் கிடையாது. கடைக்காரர், "அப்ப எனக்குப் பத்து காணும்" என்று சொன்னால் அதைத் தோல்வியாக எடுக்க வேண்டாம். அந்தக் கடையில் உண்மையில் எத்தனை விற்கும் என்று அவர் சொந்தக் காசை வைத்துச் சொல்லியிருக்கிறார். பத்துக் கடையில் இந்தக் கேள்வியைக் கேட்டுக் கூட்டினால் உங்கள் "நாளைக்கு 100" எங்கே நிற்கிறது என்று தெரியும். 100 வராது 45தான் வரும் என்றால், பெரிய கிரைண்டர் இப்போது வேண்டாம்.

"விலைவாசி" என்பதில் நீண்ட நேரம் செலவிட வேண்டாம். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தபோது உளுந்து விலை ஏறியதும், 2022 மார்ச் இறுதியில் நாளைக்கு 13 மணி நேரம்வரை கரண்ட் நின்றதும் எல்லோருக்கும் ஞாபகம். அப்படி ஒன்று வருவதை நீங்கள் தடுக்க முடியாது. உளுந்து எந்த விலைக்குப் போனால் உங்கள் 170 ரூபா அடக்கம் 200 ஆகும் என்று ஒரு தடவை கணக்குப் பார்த்து, அன்று கடைக்கு என்ன விலை சொல்வீர்கள் என்று எழுதி வைத்தால் போதும்.

உங்கள் தாளில் வராத, ஆனால் வந்திருக்க வேண்டிய ஒன்று தொடர்மாடி. கடைகள் திறக்க முன் மா போய்ச் சேர வேண்டுமென்றால் கிரைண்டர் ஓடும் நேரம் ஒன்றில் நடுச்சாமம், இல்லாவிட்டால் விடியற்காலை. கல் சுற்றும் அதிர்வு தரையால் கீழ் வீட்டுக்குப் போகும். அரிசி களைந்த தண்ணீர் ஒரு நாளைக்குப் பல வாளி, குழாய் அடைத்தால் மற்ற வீடுகளுக்கும் அடைக்கும். மூன்றாம் மாதம் நிர்வாகக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது என்று எழுதிப் பாருங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, வீட்டில் உணவு உற்பத்திக்கு அனுமதி உண்டா என்று குழுவிடமும், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அந்த இடத்தில் என்ன எதிர்பார்ப்பார் என்றும் இப்போதே கேளுங்கள். இரண்டுக்கும் செலவு இல்லை, பதில் "இல்லை" என்று வந்தால் 4 இலட்சம் மிச்சம்.

ஆள் பிரச்சினையையும் ஒருவர் துணிந்து எழுத வேண்டும். அதைத் தங்கச்சி எழுதுவது நல்லது. "புரட்டாதியில் அக்காவின் பிள்ளைக்குக் காய்ச்சல், நாலு நாள் மா போகவில்லை, ஐந்தாம் நாள் பிரிட்ஜில் எங்கள் தட்டில் வேறு ஆளின் பக்கட் இருந்தது" என்பது உங்களுக்குச் சொல்லக் கூச்சமான வரி. அக்கா தங்கச்சி காசு பிரிப்பதும் அப்படித்தான். வாயால் சொல்ல முடியாதது தாளில் வரும் என்பதால்தான் முதலில் அந்தப் பத்து நிமிட மௌனம்.

மொத்தமாக இருபது, முப்பது காரணம் சேரும். எல்லாவற்றுக்கும் மருந்து தேடினால் தோசை மாவை மறந்துவிடுவீர்கள். ஆளுக்கு மூன்று வாக்கு என்று வைத்து, "இது நடந்தால் கடை பூட்டு, ஆனால் இன்றே சோதிக்கலாம்" என்ற இரண்டும் பொருந்துவதை மட்டும் மூன்றோ நாலோ எடுங்கள். இந்தப் பயிற்சி எது எவ்வளவு தூரம் நடக்கும் என்று சொல்லாது. நன்றாகக் கதை சொல்லத் தெரிந்தவரின் காரணம் பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான். அதனால் வாக்கு எடுத்த ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சோதனை, ஒரு கெடு, ஒரு எண் எழுதாமல் எழும்பாதீர்கள். பக்கட் ஊதுவதற்கு: பத்து பக்கட் சோதனை, இந்தச் சனிக்கிழமைக்குள், குறைந்தது மூன்று நாள் ஊதாமல் நிற்க வேண்டும். கடனுக்கு: பத்துக் கடையில் ரொக்கக் கேள்வி, பதினைந்து நாளில், கூட்டுத்தொகை 60க்குக் குறைந்தால் சிறிய கிரைண்டரோடு தொடங்குவது.

தொடங்கிய பின் பார்க்கவும் இரண்டு எண் போதும். ஒவ்வொரு கடைக்கும் கிழமைக்கு எத்தனை திரும்பியது, மொத்தத்தில் வெளியே நிற்கும் காசு எவ்வளவு. ஒரு கடையில் நாலு கிழமை தொடர்ந்து நூற்றுக்கு 20க்கு மேல் திரும்பினால் அந்தக் கடைக்குப் பாதியாகக் குறைப்பது என்றும், வெளியே நிற்பது 3 இலட்சத்தைத் தாண்டினால் பழைய கணக்கு முடியும்வரை யாருக்கும் கடனில்லை என்றும் இப்போதே மூவரும் கையெழுத்து வையுங்கள். மாமாவின் கடை முன்னால் நிற்கும்போது இந்த எண்ணை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. தாளில் இருந்தால், "நாங்கள் மூண்டு பேரும் சேர்ந்து போட்ட கணக்கு, மாமா" என்று சொல்லலாம்.

சோதனைகள் முடிந்ததும் அதே தாள்களோடு இன்னொரு தடவை, அரை மணி நேரம், அம்மாவையும் வைத்துக்கொண்டு இருங்கள். கிரைண்டர் எத்தனை லீற்றர் என்பதை அன்று முடிவு செய்தால் போதும்.